டிப்ளமோ ரெஸ்யூமேயில் லேத் ஒர்க்‌ஷாப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ மூன்று வருடம் படித்து முடித்திருக்கிறேன். ‘தொடக்கநிலை உற்பத்திப் பொறியாளர், டிகிரி அல்லது டிப்ளமோ’ என்று வரும் வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறேன். ரெஸ்யூமேயில் ‘லேத், மில்லிங், வெல்டிங்கில் நல்ல செய்முறை அறிவு உண்டு’ என்று போட்டிருக்கிறேன். அழைப்பு வருவதே அரிது. ஒரே ஒரு நேர்முகத்தில், ‘நீங்களே செய்த ஒரு பீஸைப் பற்றிச் சொல்லுங்க’ என்றார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். டிகிரி படித்தவர்களும் வரும் இடத்தில் என் டிப்ளமோவை எப்படிக் காட்டுவது?

பதில்: உங்களிடம் கேட்ட அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் தயார் செய்யுங்கள். ரெஸ்யூமே அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். ‘நல்ல செய்முறை அறிவு’ என்ற வரி, வருகிற எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. அதை வாசிக்கும் உற்பத்தித் துறைத் தலைவரோ தரக்கட்டுப்பாட்டுக்காரரோ அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லாததால் கண்ணைக் கீழே நகர்த்திவிடுவார். எந்த இயந்திரம், என்ன பொருள், டிராயிங்கில் என்ன அளவு, எவ்வளவு டாலரன்ஸ், எதை வைத்து அளந்தீர்கள், அளவு தவறியபோது என்ன செய்தீர்கள் என்று ஆறு விஷயம் இருந்தால் அவர் நின்று படிப்பார். ஏனென்றால் அவருடைய அன்றாட வேலையே அந்த ஆறும்தான்.

உங்கள் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அழகாக வந்த பீஸைத் தேட வேண்டாம். அளவு தவறிய பீஸைத் தேடுங்கள். டிராயிங்கில் சொன்ன அளவு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டதென்றால் அதைப் பற்றிப் பேச இரண்டு வாக்கியம்கூட இருக்காது. தவறி, காரணம் கண்டுபிடித்து, அடுத்த பீஸில் சரிசெய்தது ஒன்று கிடைத்தால் கால் மணி நேரம் பேசலாம்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். சென்டர் லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைல்டு ஸ்டீல் தண்டு. டிராயிங்கில் விட்டம் 24 மி.மீ., டாலரன்ஸ் ±0.05, அதாவது 23.95 முதல் 24.05 வரை எதுவும் சரி. கடைய வேண்டிய நீளம் 150 மி.மீ. தண்டை மூன்று தாடைச் சக்கில் பிடித்து, மறுமுனையை எதிலும் தாங்காமல், 1 மி.மீ. ஆழம், ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் என்று கடைசி வெட்டையும் ஓட்டிவிட்டீர்கள். மைக்ரோமீட்டரில் அளந்தால் சக்குக்குப் பக்கத்தில் 23.99, நடுவில் 24.00, வெளிமுனையில் 24.06. முனை டாலரன்ஸைத் தாண்டிவிட்டது. பீஸ் ரிஜெக்ட்.

இந்த மூன்று எண்களில் நடுவில் உள்ளதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. லேத்தின் அச்சு சீராக இல்லாமல் டேப்பர் விழுந்திருந்தால் விட்டம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போயிருக்கும். 23.99க்கும் 24.06க்கும் நடுவில் 24.02 அல்லது 24.03 வந்திருக்கும். வந்ததோ 24.00. பாதித் தூரம் வரை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, முனைக்குப் போகப் போகச் சட்டென்று பெருக்கிறது. இது தண்டு வளைந்ததன் அடையாளம். டூல் தள்ளத் தள்ளத் தாங்கல் இல்லாத முனை பின்வாங்குகிறது. பின்வாங்கிய அளவுக்கு வெட்டு குறைகிறது, விட்டம் கூடுகிறது.

இங்கேதான் வகுப்பில் படித்த கணக்கு உதவிக்கு வர வேண்டும். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டின் வளைவு FL³/3EI. நீளம் மும்மடிப் பெருக்கமாக வருவதால், பாதி நீளத்தில் வளைவு எட்டில் ஒரு பங்குதான். மேலே வந்த அளவுகளும் அதே கதையைச் சொல்கின்றன. முனையில் விட்டம் 0.07 கூடியிருக்கிறது. நடுவில் அதன் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.01தான் கூடியிருக்கிறது. இன்னும் ஒரு படி போகலாம். விட்டத்தில் 0.07 என்றால் முனை பின்வாங்கியது அதில் பாதி, 0.035 மி.மீ. 24 மி.மீ. விட்டத்துக்கு I கிட்டத்தட்ட 16,290 மி.மீ.⁴, ஸ்டீலுக்கு E 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ. பின்னோக்கிக் கணக்கிட்டால் டூல் தள்ளிய விசை சுமார் 100 நியூட்டன், ஏறக்குறைய 10 கிலோ எடை. அந்த ஆழத்துக்கும் ஃபீடுக்கும் இது நம்பக்கூடிய விசைதான். சக்கின் பிடியிலும் கொஞ்சம் இளக்கம் இருந்திருக்கும் என்பதால் உண்மையான விசை இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். அதையும் சேர்த்துச் சொன்னால், விடையைத் தாண்டி யோசிக்கிறீர்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும்.

சரிசெய்தது எளிது. வெளிமுனையில் சென்டர் துளையிட்டு, டெயில்ஸ்டாக்கில் ரிவால்விங் சென்டர் வைத்துத் தாங்கி, கடைசி வெட்டை 0.25 மி.மீ. ஆழத்துக்குக் குறைத்தீர்கள். அடுத்த பீஸ் 24.00, 24.01, 24.00. இப்போது நடுப்பகுதிதான் இம்மியளவு பெருத்திருக்கிறது. இரு முனையும் தாங்கப்பட்டால் வளைவு நடுவுக்கு வரும் என்பதால் அதுவும் எதிர்பார்த்ததே.

டெயில்ஸ்டாக் வைக்கச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் பழகிய எவரும் சொல்வார்கள். FL³/3EI டிகிரி படித்தவருக்கும் மனப்பாடம். கையில் இருக்கும் பீஸின் மூன்று அளவுகளையும் அந்தச் சூத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுபவர்கள் குறைவு. டிப்ளமோ தரும் தயாரிப்பு என்று காட்ட வேண்டியது இந்த இணைப்பைத்தான்.

ரெஸ்யூமேயில் இதை நாலு வரிக்கு மேல் விடாதீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும். விண்ணப்பம் எந்த மொழியில் போகிறதோ அந்த மொழியில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

> சென்டர் லேத், மைல்டு ஸ்டீல் ஷாஃப்ட், விட்டம் 24 ±0.05 மி.மீ., நீளம் 150 மி.மீ. முதல் பீஸ் வெளிமுனையில் 24.06, மூன்று இடத்தில் அளந்து, தாங்கல் இல்லாததால் வந்த வளைவு என்று கண்டறிந்தேன். டெயில்ஸ்டாக் தாங்கல் கொடுத்து, கடைசி வெட்டைக் குறைத்தபின் அடுத்த பீஸ் முழு நீளத்திலும் 24.00–24.01. அளவி: 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், மீச்சிற்றளவு 0.01 மி.மீ.

இப்படி மூன்று பத்திகள் போதும். ஒன்று இயந்திர வேலை, ஒன்று அளவீடு அல்லது சோதனைக் கூடம், ஒன்று புராஜெக்ட். பத்து வேலைகளை ஒவ்வொரு வரியாக அடுக்கினால் மறுபடியும் ‘நல்ல செய்முறை அறிவு’ ஆகிவிடும். இந்த மூன்றையும் மதிப்பெண் அட்டவணைக்கு மேலே, பெயருக்கும் தொடர்பு விவரத்துக்கும் நேர் கீழே வையுங்கள். ‘பொழுதுபோக்கு’, ‘குறிக்கோள்’ போன்ற பகுதிகளை எடுத்துவிட்டால் ஒரே பக்கத்தில் அடங்கும்.

அளவுகளை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. எண்கள் இருந்தால் சரிபார்ப்பார்கள். ரெஸ்யூமேயை எடுப்பாகக் காட்ட, செய்யாத டாலரன்ஸை எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ‘24 h7 அளவில் கடைந்தேன், வெர்னியரில் அளந்தேன்’ என்று எழுதினால் அங்கேயே கதை முடிந்தது. 24 மி.மீ.க்கு h7 என்றால் மொத்த டாலரன்ஸ் 0.021 மி.மீ. உங்கள் வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. முழு டாலரன்ஸும் அளவியின் ஒரே கோட்டுக்குள் போய்விடுகிறது, அந்தப் பீஸ் சரியா தவறா என்று உங்களால் சொல்லியிருக்கவே முடியாது. அளவி டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது படிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ±0.05 என்றால் மொத்தம் 0.10, மைக்ரோமீட்டர் படிப்பது 0.01, பொருத்தம். ஒர்க்‌ஷாப்பில் உண்மையில் கடைந்தது ±0.1 என்றால் ±0.1 என்றே எழுதுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைத்து மதிக்கப் போவதில்லை.

இன்னொரு பொறி, மைக்ரோமீட்டரின் எல்லை. 0–25 மைக்ரோமீட்டர் 25ஐத் தாண்டிப் படிக்காது, 25–50 மைக்ரோமீட்டர் 25க்குக் கீழே படிக்காது. ஆகவே ‘25 ±0.05 ஷாஃப்டை 0–25 மைக்ரோமீட்டரில் அளந்தேன்’ என்றால் 25.03 வந்த பீஸை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பார்கள். உண்மையாகவே கையில் பிடித்தவருக்கு இது நினைவில் இருக்கும். அதேபோல், அளக்கும் முன் அளவியை மூடிப் பார்த்துப் பூஜ்யப் பிழை எவ்வளவு என்று குறித்தீர்களா, கடைந்த சூட்டோடு அளந்தீர்களா என்பவையும் வரக்கூடிய கேள்விகள். ஸ்டீல் ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அளவீட்டுக்கு உலகெங்கும் வைத்திருக்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. 40 டிகிரி சூட்டில் அளந்தால் 24 மி.மீ. ஷாஃப்ட் சுமார் 0.006 மி.மீ. பெரிதாகக் காட்டும். ±0.05இல் இது பெரிய விஷயமில்லை. h7இல் டாலரன்ஸின் கால் பங்குக்கும் மேல் அதிலேயே போய்விடும். எப்போது பொருட்படுத்த வேண்டும், எப்போது விட்டுவிடலாம் என்று சொல்லத் தெரிவதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது வினைச்சொற்கள். ‘பார்த்தேன்’, ‘மேற்பார்வையில் செய்தேன்’, ‘தனியாகச் செய்தேன்’, ‘கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்தேன்’ என்று நாலு படி இருக்கிறது. இவற்றைக் கலக்காதீர்கள். அதிகம் கலப்பது சிஎன்சி விஷயத்தில்தான். பல பாலிடெக்னிக்குகளில் சிஎன்சி பயிற்சி என்பது கணினியில் சிமுலேட்டரில் நிரல் எழுதி ஓட்டுவது. இயந்திரத்தில் ஒன்றிரண்டு முறை ஆசிரியர் ஓட்டிக் காட்டியிருப்பார். அப்படியானால் ‘சிஎன்சி டர்னிங் நிரல், சிமுலேட்டரில் மட்டும், இயந்திரத்தில் டூல் ஆஃப்செட் வைத்ததில்லை’ என்று எழுதிவிடுங்கள். ‘சிஎன்சி தெரியும்’ என்று எழுதிவிட்டு ஆஃப்செட் கேள்வியில் தடுமாறினால், மேலே சொன்ன ஷாஃப்டையும் சேர்த்தே சந்தேகப்படுவார்கள்.

சிமுலேட்டர் மட்டும் என்றாலும் அதிலும் ஆழம் காட்டலாம். எழுதிய நிரலில் ஏதாவது இரண்டு வரிக்குக் காரணம் சொல்லத் தெரிந்தால் போதும். ஃபானுக் வகைக் கன்ட்ரோல் உள்ள லேத்துக்கு எழுதும் இந்த இரண்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

```
G50 S1500
G96 S180 M03
```

G96 என்றால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 180 மீட்டர் என்று மாறாமல் இருக்கட்டும் என்பது. விட்டம் 60 மி.மீ. இருக்கும்போது அதற்கு சுமார் 955 சுற்று போதும். ஃபேஸிங் செய்துகொண்டே உள்ளே வந்து விட்டம் 20 ஆகும்போது 2,865 சுற்று வேண்டும், மையத்தை நெருங்கினால் கேட்கும் வேகத்துக்கு எல்லையே இல்லை. சுற்று ஏற ஏறச் சக்கின் தாடைகள் வெளிப்பக்கம் இழுபட்டுப் பிடி தளரும். அதனால்தான் முதல் வரியில் G50 கொண்டு 1,500 சுற்றுக்கு மேல் போகாதே என்று பூட்டு. இதைச் சொன்னவரிடம் ‘இயந்திரத்தில் ஓட்டியதில்லையா’ என்று கேட்டாலும், ‘சரி, இங்கே வந்து கற்றுக்கொள்வார்’ என்று தோன்றும்.

பயிற்சி மணி நேரத்தை ரெஸ்யூமேயில் எழுதலாமா என்று பலர் கேட்பதுண்டு. என் கருத்தில் வேண்டாம். வாரத்துக்கு 3 மணி, 15 வாரம் என்றால் 45 மணி. நாலு பேருக்கு ஒரு லேத் என்றால் கைப்பிடி உங்கள் கையில் இருந்தது சுமார் 11 மணி. 45 என்று எழுதினால் மிகை, 11 என்று எழுதினால் பரிதாபமாகத் தெரியும், உண்மையில் 11 மணியில் கற்க முடிந்தது நிறைய. கணக்கை மனதில் வைத்திருங்கள், கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள். தொழிற்சாலைப் பயிற்சி வேறு விஷயம். அதை எத்தனை வாரம், எந்தப் பிரிவு, அங்கே உங்கள் கையில் கொடுத்த வேலை என்ன என்று எழுத வேண்டும். ஆனால் அங்கே எடுத்த புகைப்படங்களையோ டிராயிங்கையோ விண்ணப்பத்தோடு இணைக்காதீர்கள். அவை அந்த நிறுவனத்தின் சொத்து. இன்னொருவரின் டிராயிங்கைக் காட்டுகிறவர் நாளை எங்கள் டிராயிங்கையும் காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

புராஜெக்டில் சிக்கல், அது குழு வேலை என்பது. நாலு பேர் செய்ததை ‘நான் வடிவமைத்து உருவாக்கினேன்’ என்று நாலு பேரும் எழுதுகிறார்கள், சில சமயம் நாலு பேரும் ஒரே நிறுவனத்துக்கே விண்ணப்பிக்கிறார்கள். தலைப்பைக் குழுவின் பெயரில் எழுதிவிட்டு உங்கள் பங்கை ஒரே பாகமாகச் சுருக்குங்கள். ஒரு டிரில் ஜிக் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளேஞ்சின் நடுத்துளையை ஒரு பின்னில் மாட்டி, சுற்றிலும் துளையிட வேண்டும். உங்கள் பங்கு அந்த லொக்கேட்டிங் பின். ஃபிளேஞ்சின் துளை 20.0 முதல் 20.2 வரை வருகிறது, பின் 19.95. துளை பெரிதாக வந்த பீஸில் இடைவெளி 0.25, அதனால் பீஸ் மையத்திலிருந்து எந்தப் பக்கமும் 0.125 வரை நகரலாம். டிராயிங் அனுமதித்த நகர்வு 0.1தான். ஆகவே சில பீஸ் சரியாக வரும், சில வராது, ஏன் என்று தெரியாமல் குழு குழம்பியிருக்கும். நேர்பின்னை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த கூம்புப் பின் போட்டால், துளை எந்த அளவில் வந்தாலும் கூம்பு அதன் விளிம்பில் போய் உட்கார்ந்து மையப்படுத்திவிடும். ஜிக் முழுவதையும் உரிமை கொண்டாடுவதைவிட இந்த ஒரு பின்னைச் சொன்னால் உங்களை நம்புவார்கள்.

டிகிரியோடு ஒப்பிடுவது பற்றி. ‘டிகிரிக்கு இணையானது’ என்று எங்கும் எழுத வேண்டாம். அது உண்மையுமல்ல, தேவையுமல்ல. பொறியியல் கல்வியை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கச் செய்துகொண்ட உடன்படிக்கைகளிலேயே இது தனித்தனியாகத்தான் இருக்கிறது. 1989இல் வந்த வாஷிங்டன் உடன்படிக்கை பொறியாளர் கல்விக்கு, 2001இன் சிட்னி உடன்படிக்கை டெக்னாலஜிஸ்ட் கல்விக்கு, 2002இன் டப்ளின் உடன்படிக்கை டெக்னீஷியன் கல்விக்கு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் படிப்பு இவற்றில் எதிலாவது வருகிறதா என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வருமானால் மட்டும் குறிப்பிடுங்கள். விளம்பரம் ‘டிகிரி கட்டாயம்’ என்றால் அந்த வேலையை விட்டுவிடுவது நேரத்துக்கு நல்லது. ‘டிகிரி அல்லது டிப்ளமோ’ என்றால் கல்வித் தகுதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு எதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி?

அதே விளம்பரத்தில் வேலை விவரம் என்று ஐந்தாறு வரி இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் உள்ள சான்றை எழுதிப் பாருங்கள். ‘ரிஜெக்‌ஷன் காரணம் கண்டறிதல்’ என்பதற்கு ஷாஃப்ட். ‘ஜிக், ஃபிக்சர் பராமரிப்பு’ என்பதற்கு பின். ‘ஆய்வு அறிக்கை தயாரித்தல்’ என்பதற்கு அளவீட்டுக் கூடத்தில் நீங்கள் நிரப்பிய தாள். ‘உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள்’ என்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அறிமுகக் கடிதத்துக்கு இந்தத் தாளே மூலப்பொருள். நாலு வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

> மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நான் உற்பத்திப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். விளம்பரத்தில் உள்ள ரிஜெக்‌ஷன் ஆய்வு, ஃபிக்சர் பராமரிப்பு ஆகிய இரண்டிலும் நான் கையால் செய்த வேலைகளை, அளவுகளோடு ரெஸ்யூமேயில் கொடுத்திருக்கிறேன். திட்டமிடல் மென்பொருளில் எனக்குப் பயிற்சி இல்லை. ரெஸ்யூமேயில் உள்ள டிராயிங்குகளையும் அளவுத் தாள்களையும் நேர்முகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மூன்றாவது வாக்கியம் பலருக்குப் பயமாக இருக்கும். அது இருப்பதால்தான் இரண்டாவது வாக்கியத்தை நம்புகிறார்கள்.

நேர்முகத்துக்கு மெல்லிய ஃபைல் ஒன்று போதும். ஷாஃப்டின் டிராயிங், இரண்டு பீஸின் அளவுத் தாள், பின்னின் ஓவியம், ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தின் நகல். பீஸ் கையில் இருந்தால் எண்ணெய் துடைத்து எடுத்துப் போங்கள். பல நேரங்களில் ஒரு மைக்ரோமீட்டரை நீட்டி ‘இதை அளங்க’ என்பார்கள். ராட்செட்டை விட்டுவிட்டுத் திம்பிளைப் பிடித்து இறுக்கினால் அதற்கு மேல் என்ன பேசினாலும் கேட்கமாட்டார்கள்.

ஷாஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிச்சயம் ஒரு துணைக்கேள்வி வரும். ‘டெயில்ஸ்டாக் தாங்கல் கொடுத்த பிறகும் விட்டம் ஒரே சீராக மாறி, டெயில்ஸ்டாக் பக்கம் 0.04 சிறுத்திருந்தால்?’ இது வளைவு அல்ல, அச்சு விலகல். டெயில்ஸ்டாக் டூல் இருக்கும் பக்கமாக நகர்ந்திருப்பதால் அந்த முனை டூலை நெருங்கி அதிகமாக வெட்டுப்பட்டிருக்கிறது. அதை டூலிலிருந்து விலகும் பக்கம் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்று கேட்டால், விட்டத்தில் 0.04 என்பது ஆரத்தில் 0.02, ஆகவே சுமார் 0.02 மி.மீ. நகர்த்தி, டயல் இண்டிகேட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சோதனை வெட்டு ஓட்டி அளக்க வேண்டும். 0.04 என்று சொல்லிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. இதைச் சரியாகச் சொல்பவரிடம் ‘ஏன் டிகிரி படிக்கவில்லை’ என்ற கேள்வி வந்தாலும் ஒப்புக்குத்தான் வரும். அதற்கு ஒரே வாக்கியம் போதும், உங்கள் உண்மையான காரணம் எதுவோ அதைச் சொல்லிவிட்டு ஷாஃப்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ரெக்கார்டு நோட்டைப் புரட்டியபின், அளவு எதுவும் குறிக்கவே இல்லை, ‘பயிற்சி முடிந்தது’ என்று மட்டும் இருக்கிறது என்றால் பழைய அளவுகளைக் கற்பனையில் எழுதிவிடாதீர்கள். படித்த இடத்தின் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளரிடம் அரை நாள் லேத் கேளுங்கள். விடுமுறை நாட்களில் பெரும்பாலும் கிடைக்கும். ஒரே டிராயிங், ஐந்து பீஸ். முதல் பீஸை வேண்டுமென்றே தாங்கல் இல்லாமல் கடையுங்கள், மற்ற நாலையும் தாங்கலோடு. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து, தேதி, அளவியின் எண், பூஜ்யப் பிழை எல்லாம் குறித்து, தாளின் கீழே பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் ‘படிப்பு முடிந்தபின் ஒர்க்‌ஷாப்பில் செய்த சோதனை’ என்று உள்ளபடியே எழுதலாம். ஐந்து பீஸ், பதினைந்து அளவு. அதில் நாலாவது, ஐந்தாவது பீஸில் விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். கூடினால் டூலின் முனை தேய ஆரம்பித்திருக்கிறது, பேசுவதற்கு இன்னொரு விஷயமும் சேர்ந்துவிட்டது.